94 எம்.பி. புரோஷர் பிடிஎஃப்: எழுத்து மங்காமல், படம் கட்டம் கட்டமாகாமல் மெயிலில் அனுப்ப என்ன வழி?

கவிதா_ஜெயநகர்

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் ஒரு சின்ன இன்டீரியர் டிசைன் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு எங்கள் வேலைகளைக் காட்ட 36 பக்கத்தில் ஒரு புரோஷர் செய்தேன். ஏ4, அகலவாட்டு, இன்டிசைனில் செய்தது. எக்ஸ்போர்ட் செய்தால் 94 எம்.பி. வருகிறது. அவர்கள் மெயிலில் 10 எம்.பி.க்கு மேல் உள்ளே போகாது. டிரைவ் லிங்க் கொடுக்கலாம் என்றால் அவர்கள் ஆபீஸ் நெட்வொர்க்கில் அது திறக்கவே திறக்காதாம். அட்டாச்மென்டாகத்தான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஆன்லைனில் இலவசமாகச் சுருக்கிக் கொடுக்கும் ஒரு தளத்தில் போட்டேன், 4 எம்.பி. ஆனது. திறந்து பார்த்தால் அழுகை வருகிறது. ஃப்ளோர் பிளான் பக்கங்களில் அளவுகள் எதையும் படிக்க முடியவில்லை, 10'-6" எது 16'-6" எது என்றே தெரியவில்லை. போட்டோக்களில் ஒரு பக்கம் சாம்பல் நிறச் சுவர், அதன் முன்னால் ஒரு தொங்கு விளக்கு. சுவரில் விளக்கைச் சுற்றி வெளிச்சம் மெதுவாகக் குறைந்துகொண்டே போக வேண்டும், இப்போது அங்கே குட்டிக் குட்டி டைல் ஒட்டியது போலச் சதுரம் சதுரமாக நிற்கிறது. டிசைன் செய்கிற ஆபீசிலிருந்து இப்படி ஒரு ஃபைல் போனால் யார் வேலை கொடுப்பார்கள்? வியாழக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், யாராவது வழி சொல்லுங்கள்.

ராஜேஷ்_கோரமங்களா

கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், `-dPDFSETTINGS=/ebook` என்று ஒரு வரி கொடுத்தால் வேலை முடிந்தது. நான் எல்லாவற்றுக்கும் இதுதான். அதிலும் பெரிதாக இருந்தால் `/screen` போடுங்கள், அது 72 டிபிஐ. ஸ்கிரீனே 72 டிபிஐதான் என்பதால் ஸ்கிரீனில் பார்ப்பவர்களுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை.

அப்துல்_சிவாஜிநகர்

எனக்கும் இதே பிரச்சினைதான் சகோதரி. வாடகை அக்ரிமென்டை ஸ்கேன் செய்து ஒரு போர்டலில் ஏற்ற வேண்டும், 200 கேபிக்குள் கேட்கிறார்கள், என் ஃபைல் 3 எம்.பி. இருக்கிறது. கறுப்பு வெள்ளையாக மாற்றினேன், 180 கேபி வந்துவிட்டது, எழுத்தும் நன்றாகத் தெரிகிறது. நீங்களும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்களேன்.

கவிதா_ஜெயநகர்

நன்றி அப்துல் அண்ணா. ஆனால் இது டிசைன் புரோஷர், கலர்தான் இதில் முக்கியம். ஸ்கேன் செய்த தாளும் இல்லை.

ராஜேஷ், `/ebook` போட்டுப் பார்த்தேன். 5.1 எம்.பி. வந்தது. முன்பை விடப் பரவாயில்லை, ஆனாலும் விளக்குச் சுவரில் சதுரங்கள் லேசாகத் தெரிகின்றன. பிளான் பக்கம் அப்படியேதான் மங்கலாக இருக்கிறது.

முருகேசன்_அல்சூர்

கவிதா, இங்கே இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. அதை ஒன்று என்று நினைத்து ஒரே மருந்து கொடுப்பதால்தான் எதுவும் கேட்க மாட்டேன் என்கிறது. முப்பது வருடமாக அச்சுக்கு ஃபைல் தயார் செய்கிறேன், இதே குழப்பத்தை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன்.

முதலில் எழுத்து. பிடிஎஃபில் எழுத்து எழுத்தாகவே இருந்தால், பக்கத்தையே படமாக்கிவிடாத எந்தச் சுருக்கலும் அதை மங்கச் செய்யாது. செய்யவே முடியாது. ஏனென்றால் உள்ளே இருப்பது ஃபான்டும் "இந்த இடத்தில் இந்த எழுத்து" என்ற குறிப்பும்தான். சுருக்கும் மென்பொருள் பிக்சலைக் குறைக்கிறது, எழுத்தில் குறைக்கப் பிக்சலே இல்லை. ஆகவே எழுத்து மங்கியது என்றால் அது ஏற்கெனவே எங்கேயோ படமாக மாறிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் சுருக்குவதற்கு முன்னாலேயே.

ஒரு நிமிஷம் செலவழித்துச் சோதித்துப் பாருங்கள். உங்கள் 94 எம்.பி. ஒரிஜினலைத் திறந்து, பிளான் பக்கத்துக்குப் போய் 800% ஜூம் செய்யுங்கள். எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கிறதா, படிப்படியாகப் பிசிறடிக்கிறதா? அப்புறம் poppler-utils என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்பைப் போட்டுக்கொண்டு இந்த இரண்டையும் ஓட்டி வருவதை இங்கே போடுங்கள். பிளான் எந்தப் பக்கமோ அந்த எண்ணைக் கொடுங்கள்.

```
pdffonts -f 11 -l 11 brochure.pdf
pdfimages -list brochure.pdf
```

ராஜேஷ் தம்பி, ஸ்கிரீன் 72 என்பது பழைய காலத்துக் கணக்கு. இன்றைக்கு ஒரு சாதாரண லேப்டாப்பிலேயே அதைவிட நிறையப் பிக்சல் இருக்கும். பார்ப்பவரும் பக்கத்தை அப்படியே வைத்துப் பார்க்க மாட்டார், பெரிதாக்கித்தான் பார்ப்பார். 72 போட்டால் அந்த இடத்தில்தான் மாட்டுவோம்.

கவிதா_ஜெயநகர்

800% போட்டதும் நெஞ்சு பக்கென்றது சார். ஒரிஜினலிலேயே பிளான் எழுத்து பிசிறாகத்தான் இருக்கிறது! 100%இல் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற பக்கங்களில் உள்ள எழுத்து எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மையாகவே இருக்கிறது.

`pdffonts` 11ஆம் பக்கத்துக்குத் தலைப்பு வரி மட்டும் காட்டுகிறது, கீழே ஒன்றுமே இல்லை. படப் பட்டியல் நீளமாக இருக்கிறது, இரண்டு வரியை மட்டும் போடுகிறேன்:

```
page num type  width height color comp bpc enc  interp object ID x-ppi y-ppi size ratio
   4   3 image  6000   4000 icc      3   8 jpeg no         61  0   923   923 8.1M   12%
  11  14 image  1754   1240 icc      3   8 jpeg no        118  0   150   150 410K  6.4%
```

முருகேசன்_அல்சூர்

இந்த இரண்டு வரியிலேயே முழுக் கதையும் இருக்கிறது.

11ஆம் பக்கத்தைப் பாருங்கள். அகலம் 1754, உயரம் 1240. அது ஏ4 தாள் முழுவதையும் 150 பிபிஐயில் படமாக எடுத்தால் வரும் அளவு. பிளானை யாரோ உங்களுக்கு ஜேபெக்காகக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது நீங்களே ஆட்டோகேடிலிருந்து ஜேபெக்காக எடுத்து வைத்திருக்கிறீர்கள். அளவு எழுதிய எண்கள் தாளில் ஒன்றரை மில்லிமீட்டர் உயரம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 150இல் ஒரு எண்ணுக்கு உயரவாட்டில் ஒன்பது பிக்சல்தான் கிடைக்கும். ஒன்பது பிக்சலில் 0வும் 6ம் கிட்டத்தட்ட ஒரே உருவம். அந்த ஆன்லைன் தளம் அதை 72க்கு இறக்கியிருந்தால் நாலு பிக்சல், அப்புறம் எதைப் படிப்பது. `/ebook` 150இல் நிற்கும், அதனால்தான் அது இதை இன்னும் மோசமாக்கவும் இல்லை, சரியாக்கவும் இல்லை.

இதற்குச் சுருக்கும் பக்கத்தில் மருந்து கிடையாது. ஆட்டோகேடில் DWG To PDF.pc3 என்ற பிளாட்டரில் பிளானை நேராகப் பிடிஎஃபாக எடுத்து, இன்டிசைனில் அந்த ஜேபெக் இருக்கும் இடத்தில் வையுங்கள். கோடு கோடாகவே உள்ளே போகும்.

இப்போது 4ஆம் பக்கம். 6000க்கு 4000, அது கேமராவிலிருந்து வந்த படம் அப்படியே. நீங்கள் அதை ஆறரை அங்குல அகலத்தில் வைத்திருக்கிறீர்கள், ஆக ஒரு அங்குலத்துக்கு 923 பிக்சல். நல்ல அச்சுக்கே 300 போதும். இந்த ஒரு படத்துக்கே 8 எம்.பி. உங்கள் 94 எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? எக்ஸ்போர்ட் செய்யும்போது டவுன்சாம்பிளிங்கை அணைத்து வைத்திருக்கிறீர்கள்.

செல்வி_இந்திராநகர்

இன்னொரு வழியும் இருக்கிறது. எல்லா எழுத்தையும் அவுட்லைனாக மாற்றிவிடுங்கள். எழுத்து மங்கவே மங்காது, ஃபான்ட் பிரச்சினையும் வராது. நாங்கள் பிரிண்டருக்கு எப்போதும் அப்படித்தான் அனுப்புகிறோம்.

முருகேசன்_அல்சூர்

பாதி சரி செல்வி. அவுட்லைன் மங்காது, உண்மை. ஆனால் கவிதாவின் மற்ற பக்கங்களில் எழுத்து ஏற்கெனவே மங்காமல்தான் இருக்கிறது, மங்கியது படமாகப் போன பக்கம், படத்தை அவுட்லைனாக மாற்ற முடியாதே. அதோடு, அவுட்லைன் ஆக்கினால் ஒவ்வொரு "அ"வும் தனித்தனி வரைபடமாக உள்ளே போகும், 36 பக்கத்துக்கு ஃபைல் ஏறும். வாங்குபவர் தேடிப் பார்க்க முடியாது, போன் நம்பரைக் காப்பி செய்ய முடியாது. சின்ன எழுத்து ஸ்கிரீனில் கொஞ்சம் தடித்தும் தெரியும். அச்சுக்கு அனுப்புவது வேறு, மெயிலுக்கு அனுப்புவது வேறு.

கவிதா_ஜெயநகர்

சார் சொன்னது அப்படியே சரி. பிளான் ஜேபெக் எங்கள் சைட் இன்ஜினியர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. இப்போது அவரிடம் கேட்டு டிடபிள்யூஜி வாங்கி, நாலு பிளானையும் பிடிஎஃபாக எடுத்துவிட்டேன். 1600% ஜூமிலும் கோடு கூர்மையாக நிற்கிறது!

ஒரு சந்தேகம். புதிய பிடிஎஃபிலும் 11ஆம் பக்கத்துக்கு `pdffonts` ஒன்றும் காட்டவில்லை. எழுத்தைத் தேர்ந்தெடுக்கவும் முடியவில்லை. இன்னும் படமாகத்தான் இருக்கிறதா?

முருகேசன்_அல்சூர்

இல்லை, பயப்பட வேண்டாம். உங்கள் இன்ஜினியர் எஸ்எச்எக்ஸ் எழுத்துரு போட்டு வரைந்திருப்பார். ஆட்டோகேட் அதைக் கோடுகளாகவே வரைந்து வெளியே தள்ளும், அதனால் ஃபான்டாகக் கணக்கில் வராது. `pdffonts` காலியாக இருந்தாலே படம் என்று முடிவு கட்டக்கூடாது, இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். `pdfimages -list`இல் 11ஆம் பக்கத்துக்கு வரி இல்லையென்றால் அங்கே படம் இல்லை. கோடு கூர்மையாக இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், அதுதான் கடைசித் தீர்ப்பு.

இனி இரண்டாவது நோய், அந்தச் சதுரங்கள். இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

படத்தைச் சின்னதாக்க இரண்டு திருகு இருக்கிறது. ஒன்று, எத்தனை பிக்சல் வைத்துக்கொள்வது. இன்னொன்று, இருக்கும் பிக்சலை ஜேபெக் எவ்வளவு இறுக்கிப் பிழிவது. பிக்சல் குறைந்தால் படம் மென்மையாக, கொஞ்சம் மங்கலாகத் தெரியும். பிழிவது அதிகமானால்தான் கட்டம் வரும். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் சதுரங்களாக வெட்டி ஒவ்வொன்றையும் தனியாகச் சுருக்குகிறது. அதிகம் பிழிந்தால் பக்கத்துச் சதுரங்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று சேராமல் போகும். உங்கள் விளக்குச் சுவரில் டைல் போலத் தெரிந்தது அந்தச் சதுரங்களேதான். செடி, துணி, மரத்தின் ரேகை என்று விவரம் நிறைந்த இடத்தில் கண்ணுக்கு அகப்படாது. வெறும் சுவர், வானம், நிழல் மாதிரி மெதுவாக மாறும் இடத்தில்தான் பல்லை இளிக்கும்.

கோஸ்ட்ஸ்கிரிப்டில் `/ebook` போட்டால் இரண்டு திருகும் ஒன்றாகத் திரும்பிவிடுகிறது. 150க்கும் இறங்கும், பிழிவதும் `/screen` அளவுக்கே பிழியும். `/printer` அதைவிடப் பாதிதான் பிழியும், ஆனால் 300இல் நிற்பதால் ஃபைல் பெரிதாக வரும். ஆகவே `/printer`இன் தரத்தை எடுத்துக்கொண்டு பிக்சலை மட்டும் நம் கையால் குறைக்க வேண்டும்:

```
gs -sDEVICE=pdfwrite -dNOPAUSE -dBATCH \
  -dPDFSETTINGS=/printer \
  -dDownsampleColorImages=true \
  -dColorImageResolution=200 \
  -dColorImageDownsampleThreshold=1.0 \
  -dColorImageDownsampleType=/Bicubic \
  -sOutputFile=mail.pdf brochure.pdf
```

விண்டோஸ் என்றால் `gs` இருக்கும் இடத்தில் `gswin64c`, எல்லாவற்றையும் ஒரே வரியில் அடியுங்கள், அந்தப் பின்சாய்வுக் கோடுகள் வேண்டாம்.

அந்த 1.0 வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 1.5 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது 200 கேட்டால் 300க்கு மேல் இருக்கும் படத்தை மட்டும்தான் தொடும். 280இல் இருக்கும் படம் அப்படியே போகும், ஃபைல் ஏன் குறையவில்லை என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

இன்னொன்று. எப்போதும் இன்டிசைனிலிருந்து புதிதாக வந்த ஃபைலில்தான் ஓட்ட வேண்டும். நேற்று சுருக்கியதை எடுத்து இன்றைக்கு மறுபடி சுருக்கினால், பழைய சதுரத்தின் ஓரத்தையும் படத்தின் விவரம் என்று நினைத்து அது காப்பாற்றப் பார்க்கும். தரமும் போகும், இடமும் பெரிதாக மிச்சமாகாது.

கவிதா_ஜெயநகர்

ஓட்டினேன் சார். 200க்கு 8.3 எம்.பி. விளக்குச் சுவர் பட்டுப் போல இருக்கிறது, ஒரு சதுரம் கூட இல்லை! 10க்குள் வந்துவிட்டதால் அனுப்பினேன், ஆனால் அரை மணி நேரத்தில் மெயில் திரும்பி வந்துவிட்டது, சைஸ் அதிகம் என்கிறது. எப்படி?

ராஜேஷ்_கோரமங்களா

ஜிப் செய்து அனுப்புங்களேன்.

முருகேசன்_அல்சூர்

ஜிப் இங்கே உதவாது தம்பி. உள்ளே இருக்கும் ஜேபெக் ஏற்கெனவே பிழிந்ததுதானே, 8.3 எம்.பி. 8.2 ஆகும், அவ்வளவுதான்.

கவிதா, மெயிலில் அட்டாச்மென்ட் அப்படியே போவதில்லை. பேஸ்64 என்று எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புவார்கள், மூன்று பைட் நாலாகிவிடும். உங்கள் 8.3 வழியில் 11க்கு மேல் ஆகியிருக்கும். 10 எம்.பி. வாசலுக்கு ஏழு எம்.பி.யைத் தாண்டாமல் இருந்தால்தான் நிம்மதி. 170 போட்டுப் பாருங்கள். பிழியும் தரத்தில் கை வைக்காதீர்கள், பிக்சலை மட்டும் குறையுங்கள். கொஞ்சம் மென்மையாகத் தெரியும், ஆனால் அதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். கட்டம் தெரிந்தால் எல்லோர் கண்ணிலும் படும்.

செல்வி_இந்திராநகர்

கவிதா, எக்ஸ்போர்ட் செய்யும்போது இன்டிசைனில் Crop Image Data to Frames டிக் செய்திருக்கிறீர்களா? ஃபிரேமுக்கு வெளியே மறைந்திருக்கும் படத்தின் பாகத்தையும் இல்லாவிட்டால் சேர்த்தே சுமப்பீர்கள். எங்களுக்கு ஒரு கேட்டலாகில் அதிலேயே நிறையக் குறைந்தது. இல்லஸ்ட்ரேட்டரில் செய்து நேராகப் பிடிஎஃபாகச் சேமிக்கிறவர்கள் Preserve Illustrator Editing Capabilities டிக்கை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் முழு ஏஐ ஃபைலும் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

முருகேசன்_அல்சூர்

செல்வி சொல்வது நல்ல யோசனை, இரண்டுமே.

கவிதா_ஜெயநகர்

கிராப் டிக் செய்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன், 170 போட்டேன், 6.2 எம்.பி. மெயில் போய்விட்டது, வந்து சேர்ந்தது என்று பதிலும் வந்துவிட்டது!! பிளான் பக்கத்தில் 10'-6" இப்போது 10'-6" ஆகவே இருக்கிறது. முழுப் பக்கப் போட்டோ நாலில் ஒன்றில் மட்டும், சோபாத் துணியின் நெசவு ஒரிஜினலில் தெரிந்த அளவுக்குத் தெரியவில்லை. அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, இருந்தாலும் எனக்கு உறுத்துகிறது. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அதிகப் பிக்சல் வைக்க முடியுமா?

முருகேசன்_அல்சூர்

இந்தக் கமாண்டில் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு அளவு கொடுக்க முடியாது. அந்தப் பக்கத்தைத் தனியாக 220இல் ஓட்டி, மற்றதை 170இல் ஓட்டி, `pdfunite`இல் சேர்க்கலாம். ஆனால் `pdfunite` சேர்க்கும்போது புக்மார்க்கும் பக்கங்களுக்கு இடையிலான லிங்கும் போய்விடலாம். உங்கள் புரோஷரில் பொருளடக்கத்திலிருந்து தாவும் லிங்க் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

கவிதா_ஜெயநகர்

லிங்க் இருக்கிறது, அப்படியென்றால் வேண்டாம், விட்டுவிடுகிறேன். இன்னொன்றும் பார்த்தேன் சார், எங்கள் லோகோவின் பச்சை என் லேப்டாப்பில் சரியாக இருக்கிறது, பாஸின் போனில் கொஞ்சம் மங்கலாக, பழுப்பேறியது போல இருக்கிறது என்கிறார். சுருக்கியதாலா?

முருகேசன்_அல்சூர்

லோகோ சிஎம்ஒய்கே கலரில் செய்ததா? அப்படியானால் சந்தேகம் அங்கேதான். சிஎம்ஒய்கேவை ஒவ்வொரு ஆப்பும் தன் இஷ்டப்படி மாற்றிக் காட்டும். மெயிலுக்குப் போகும் பிரதியை இன்டிசைனிலேயே எக்ஸ்போர்ட் பெட்டியில் Output பக்கம் போய் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி எடுத்துப் பாருங்கள். ஒரிஜினல் 94 எம்.பி. ஃபைலையும் அதே போனில் திறக்கச் சொல்லுங்கள், அதிலும் பழுப்பாகத் தெரிந்தால் சுருக்கலின் மேல் பழி இல்லை.

செல்வி_இந்திராநகர்

எனக்கு என்னவோ போனில் நைட் மோட் போட்டிருப்பார் என்று தோன்றுகிறது. எங்கள் கிளையன்ட் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் கலரைத் திருத்தச் சொன்னார்.

கவிதா_ஜெயநகர்

பாஸ் இப்போது ஓசூரில் சைட்டில் இருக்கிறார், சாயங்காலம் வந்ததும் இரண்டு ஃபைலையும் அவர் போனில் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அப்துல்_சிவாஜிநகர்

முருகேசன் பாய், அப்படியென்றால் என் அக்ரிமென்ட் 800%இல் பிசிறாகத் தெரிகிறதே, அது ஸ்கேன் என்பதாலா?

முருகேசன்_அல்சூர்

ஆமாம் பாய், ஸ்கேன் என்றால் முழுப் பக்கமும் ஒரே படம்தான், அதில் எழுத்தே கிடையாது. உங்களுக்குக் கறுப்பு வெள்ளை சரியான வழி. 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து கறுப்பு வெள்ளையாக்கினால் எழுத்து நன்றாகவும் நிற்கும், 200 கேபிக்குள்ளும் பெரும்பாலும் வந்துவிடும். முத்திரையும் கையெழுத்தும் நீல மையில் இருந்தால் மட்டும் அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், வெளிறிய நீலம் சில நேரம் முழுக்க வெள்ளையாகிக் காணாமல் போய்விடும்.